பெயர் தெரியும், ஆணா பெண்ணா தெரியாது: எப்படி விளிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழைப்பிதழ் உறையில் எழுத "ம. எழில்" என்ற பெயர் மட்டும்தான் கையில் இருக்கிறது. திரு போடுவதா, திருமதி போடுவதா?

இரண்டும் வேண்டாம். "ம. எழில் அவர்களுக்கு" என்று எழுதுங்கள், அதுவே முழுமையான முகவரி.

தமிழில் மரியாதை பெரும்பாலும் சொல்லின் பின்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. "எழில் அவர்கள்", "வந்தார்", "அன்புடையீர்", "சொல்லுங்கள்" எல்லாவற்றிலும் மரியாதையைச் சுமப்பது கடைசிப் பகுதி. ஒருவரைப் பலராகப் பாவித்துப் பேசுவதுதான் நம் மரியாதை முறை. பலர்பாலில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. முன்னிலையிலும் அப்படித்தான்: நீ, நீங்கள், தாங்கள் எதிலும் பால் இல்லை. ஆகவே ஒருவர் ஆணா பெண்ணா என்று தெரியாமலே அவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதிவிடலாம். இடிக்கும் இடங்கள் மூன்றுதான்: உறையில் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி, கடிதத்தின் தொடக்கத்தில் வரும் விளி, நடுவில் எப்போதாவது வரும் ஆசிரியை, தலைவி போன்ற சொற்கள். இந்த மூன்றையும் கவனித்தால் போதும்.

பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

பல பெயர்களில் தெரியும். தெரியாத பெயர்களும் நாம் நினைப்பதைவிட அதிகம். மணி, ஜோதி, எழில், மதி, அருள், தமிழ், சசி, முத்து, தங்கம், அருள்மொழி ஆகியவை இரு பாலாரும் வைத்துக்கொள்கிற பெயர்கள். முன்னால் இருக்கும் தலைப்பெழுத்தும் உதவாது. அது அப்பா பெயராக இருக்கலாம், அம்மா பெயராக இருக்கலாம், கணவர் பெயராகவும் இருக்கலாம்.

புதுச்சேரியில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பலவற்றில் ஒரு முன்னோரின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். பிரெஞ்சு ஆவணங்களில் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் முதலில் எழுதுவதும் உண்டு. அங்கே "சந்திரசேகரன்" என்று முதலில் பார்த்ததும் நம் கை தானாகவே "திரு" எழுதிவிடும், அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு பெண்ணாக இருந்தாலும். கூட வரும் பெயர் டொமினிக் அல்லது கமிய் என்றால் அதுவும் கைகொடுக்காது, பிரெஞ்சில் அவை இரு பாலார்க்கும் பொது.

வடநாட்டுப் பெயர்களிலும் இதே கதை. கிரண், சுமன் என்றால் இங்கே ஆண் என்றுதான் தோன்றும். வடக்கே பெண்கள் பலருக்கு அந்தப் பெயர்கள் உண்டு. ஹர்பிரீத், குர்பிரீத் இரு பாலார்க்கும் வரும். ஜிப்மருக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கடிதம் எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஆரோவில்லில் ஒற்றைப் பெயரோடு, தலைப்பெழுத்தே இல்லாமல் அறியப்படுகிறவர்கள் நிறைய பேர். அங்கே ஊகத்துக்கு ஆதாரமே இருக்காது.

வாட்ஸாப் படத்தைப் பார்த்து முடிவு செய்வதும் வேண்டாம். அதில் இருப்பது பேரக்குழந்தையாக இருக்கலாம், சாமி படமாக இருக்கலாம்.

கடிதத்தின் தொடக்கத்தில் "ஐயா/அம்மா" என்று கோடு போட்டு எழுதுகிறோமே, அது போதாதா?

தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதைவிட நல்ல சொல் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே இருக்கிறது: "அன்புடையீர்". இருநூறு வீடுகளுக்குப் போகும் ஒரே பத்திரிகை, யார் பிரித்தாலும் பொருந்த வேண்டும் என்ற தேவைக்கு அச்சகங்கள் காலங்காலமாகப் போட்டுவரும் சொல் அது. "அன்புடையார்" என்ற பலர்பால் சொல்லின் விளி வடிவம். "பெருந்தகையீர்", "மதிப்பிற்குரியீர்" இரண்டும் அதே அச்சில் வார்த்தவை. சங்கம், பள்ளி, நூலகம் அனுப்பும் கடிதத்துக்கு "அன்புடையீர், வணக்கம்" பொருந்தும். கொஞ்சம் விறைப்பான அலுவல் கடிதத்துக்கு "மதிப்பிற்குரியீர்" எடுபடும். ஓர் எச்சரிக்கை: "அம்மையீர்" என்பதிலும் இதே -ஈர் இருக்கிறது, அதனால் அதைப் பொதுச்சொல் என்று எண்ணிவிடாதீர்கள். அது பெண்ணை மட்டுமே குறிக்கும்.

கோடு போட்ட விளியில் எங்களுக்கு உள்ள குறை இதுதான். வாசிப்பவர் தனக்கு உரியதைத் தானே பொறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டிலும் சேராதவருக்கு அதில் இடமும் இல்லை. தெரிந்த ஒருவருக்கு நேரடியாக எழுதும்போது "ம. எழில் அவர்களுக்கு, வணக்கம்" என்று பெயரையே விளியாக்கிவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

பதவியில் இருப்பவருக்கு என்றால் பதவியே விளி. "பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்" என்று எழுதிவிட்டு "மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்" என்று தொடங்கலாம். ஆட்சியர் மாறினாலும் மனு மாறாது. தலைமை ஆசிரியர், மேலாளர், மருத்துவர், வழக்கறிஞர், பதிவாளர் எல்லாமே இப்படிப் பொதுவாக நிற்கும் சொற்கள். அனுப்புநர், பெறுநர் இரண்டிலும்கூட பால் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"திருமிகு" எல்லோருக்கும் பொது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அரசு விழா அழைப்பிதழ்களில் ஆண், பெண் அதிகாரிகள் இருவர் பெயருக்கு முன்னாலும் அச்சாவதைப் பார்த்திருப்பீர்கள். மேடை அழைப்பிதழ், வாழ்த்துமடல், சான்றிதழ் போன்று பெயருக்கு முன்னால் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்று அமைப்பாளர்கள் நினைக்கும் இடங்களில் தயங்காமல் போடுங்கள்.

ஒரே நிபந்தனை, போட்டால் பட்டியலில் எல்லோருக்கும் போடுங்கள். மற்றவர்களுக்குத் திரு, திருமதி என்று போட்டுவிட்டு, பால் தெரியாத இருவருக்கு மட்டும் திருமிகு போட்டால் "இந்த இருவரைப் பற்றி எங்களுக்குத் தெரியவில்லை" என்று அச்சடித்துக் காட்டியதாகிவிடும். தினசரிக் கடிதத்துக்கும் மின்னஞ்சலுக்கும் திருமிகு கொஞ்சம் பட்டுச்சட்டை போட்டது போல இருக்கும். அங்கே பின்னால் வரும் "அவர்கள்" போதும்.

வெறும் பெயர் எழுதினால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

வெறும் பெயர் எழுதினால் கோபம் வரும், நியாயமான கோபம். "எழிலுக்கு" என்று உறையில் எழுதினால் அது வயதில் சின்னவருக்கு எழுதுவது. "எழில் அவர்களுக்கு" என்றால் எழுபது வயதுக்காரரும் குறை சொல்ல மாட்டார். அடைமொழியை எடுக்கும்போது "அவர்கள்" உடன் வந்தே தீர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். திரு, திருமதியை எடுத்துவிட்டு வேறெதுவும் சேர்க்காமல் அனுப்பிய பட்டியல்களில்தான் மனவருத்தம் வருகிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் 140 பேர் பட்டியல் இருக்கிறது. முன்பு பார்த்துக்கொண்டவர் எல்லோருக்கும் திரு, திருமதி போட்டு வைத்திருக்கிறார். எதை நம்புவது?

அவரவர் கையால் நிரப்பிய படிவம் இருந்தால் அதை நம்புங்கள், மற்றதை நம்ப வேண்டாம். மணி, ஜோதி, எழில் போன்ற பெயர்களுக்குக்கூட ஒரு இடமும் காலியில்லாமல் அடைமொழி நிரம்பியிருந்தால் யாரோ ஊகித்து நிரப்பியிருக்கிறார் என்று பொருள். அடுத்தடுத்து இருபது வரிசைக்கு ஒரே "திரு" வந்தால் மேலிருந்து கீழே இழுத்து நிரப்பியது என்று பொருள்.

உங்கள் வட்டம் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது, பட்டியல் கணினி அட்டவணையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு செய்முறையைச் சொல்கிறோம். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். A நெடுவரிசையில் அடைமொழி, B-யில் தலைப்பெழுத்து (புள்ளியுடன்), C-யில் பெயர், D-யில் முகவரி. 140 பேரில் 50 பேரின் படிவங்கள் அலமாரியில் இருக்கின்றன என்றால், அந்த 50 பேர் எழுதித் தந்த அடைமொழியை அப்படியே A-யில் வையுங்கள். "திருமதி" என்று ஒருவர் தானே எழுதித் தந்திருந்தால் அதை எடுக்க நமக்கு உரிமையில்லை. மீதி 90 பேருக்கு A-யைக் காலியாக விடுங்கள். முனைவர், மருத்துவர், பேராசிரியர், கவிஞர் போன்றவை மட்டும் உறுதியாகத் தெரிந்தால் இருக்கட்டும், அவற்றில் பால் இல்லை. பிறகு E நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=TRIM(A2&" "&B2&" "&C2)&" அவர்களுக்கு"
```

A காலியாக இருந்தாலும் முன்னால் வெற்றிடம் விழாது. "ம. எழில் அவர்களுக்கு", "முனைவர் க. ஜோதி அவர்களுக்கு" என்று சரியாக வரும். முகவரிச் சீட்டு அச்சடிக்க E-யை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அவர்களுக்கு" என்பதை விட்டுவிட்டுப் பெயரோடு நேரே "க்கு" ஒட்டப் பார்த்தால் கணினி தடுமாறும். ஜோதிக்கு, எழிலுக்கு, நிலாவுக்கு, தங்கத்துக்கு என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாகப் புணரும். "அவர்கள்" நடுவில் நின்றால் அந்தத் தொல்லையே இல்லை, எல்லாப் பெயருக்கும் ஒரே முடிவு.

இந்த வேலையில் அதிகம் கெடுவது ஓர் இடத்தில். அடைமொழி தனி நெடுவரிசையில் இல்லாமல் பெயரோடு ஒட்டி "திரு.மணி" என்று இருக்கும். உடனே "திரு" என்று தேடி மொத்தமாக நீக்கத் தோன்றும். செய்யாதீர்கள். "திருமதி ஜோதி" என்பது "மதி ஜோதி" ஆகிவிடும். திருநாவுக்கரசு வெறும் நாவுக்கரசு ஆவார், திருமலை வெறும் மலை ஆவார். முகவரி நெடுவரிசையும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் திருப்பாதிரிப்புலியூர் "ப்பாதிரிப்புலியூர்" ஆகும். C நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து முதலில் "திருமதி." என்பதையும், அடுத்து "திரு." என்பதையும் புள்ளியோடு தேடி நீக்குங்கள். புள்ளியில்லாமல் எழுதியவை மிஞ்சும். "திரு" என்று தொடங்கும் வரிசைகளை மட்டும் வடிகட்டிக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். 140 பேருக்கு அது பத்து நிமிட வேலை.

மொத்தமும் அச்சடிக்கும் முன் பத்துச் சீட்டு எடுத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து இல்லாத பெயர் ஒன்று, முனைவர் ஒன்று, மிக நீளமான பெயர் ஒன்று அந்தப் பத்தில் இருக்க வேண்டும். பிழை இருந்தால் இந்த மூன்றில் ஒன்றில் தலைகாட்டும்.

போனில் குரலை வைத்து சார், மேடம் என்று சொல்லிவிடலாமா?

அங்கேதான் அதிகம் தவறுகிறது. குரல் கனத்த பெண்கள் உண்டு, மென்குரல் ஆண்கள் உண்டு, ஜலதோஷம் பிடித்தவர்களும் உண்டு. "சார்" என்று தொடங்கி நடுவில் "மேடம்" என்று மாற்றுவது முதல் தவறைவிட மோசமாகக் காதில் விழும்.

பேச்சுத் தமிழில் "ங்க" இருக்கும்போது சார், மேடம் தேவையே இல்லை. "வணக்கம்ங்க, எழில் அவங்ககிட்ட பேசணும்." மறுமுனையில் "நான்தான்" என்றால், "சரிங்க, வாசகர் வட்டத்திலிருந்து பேசறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வர முடியுங்களா?" இவ்வளவு மரியாதையாகப் பேசி முடித்தும் ஆணா பெண்ணா என்ற பேச்சே எழவில்லை. "எழில் சாரா, எழில் மேடமா?" என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

கவுண்டரில் வரிசையைக் கூப்பிடுகிறவர்கள் "அடுத்தவங்க வாங்க" என்றோ "பன்னிரண்டாம் எண் டோக்கன் வாங்க" என்றோ சொல்லலாம். அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதில் அன்பு இருக்கிறது, ஆனால் அது முகத்தைப் பார்த்துப் போடும் ஊகம். பார்த்துப் பழகியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதிதாக உறுப்பினர் படிவம் அடிக்கிறோம். "திரு/திருமதி/செல்வி" கட்டம் வைக்கலாமா?

அதற்குப் பதில் ஒரு வரி வையுங்கள்: "அழைப்பிதழிலும் கடிதத்திலும் தங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும்? அப்படியே எழுதித் தரவும்." ஒருவர் "முனைவர் க. ஜோதி" என்று எழுதுவார், ஒருவர் "திருமதி தங்கம்" என்று எழுதுவார், ஒருவர் பெயரை மட்டும் எழுதுவார். மூவருக்கும் அவரவர் கேட்டது கிடைக்கும். நாம் கேட்பது விளிப்பதற்கான வடிவத்தை மட்டுமே. பாலினம் வேறு கேள்வி, வாசகர் வட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

இணையப் படிவத்தில் கட்டாயம் அடைமொழிப் பட்டியல் வேண்டும் என்றால், முதல் தேர்வைக் காலியாக விடுங்கள். முதலில் "திரு" இருந்தால் அவசரத்தில் நிரப்புகிற பெண்களும் திரு ஆகிவிடுவார்கள், அடுத்த ஆண்டு அதே பட்டியல் உங்களை ஏமாற்றும்.

"த/பெ", "க/பெ" என்ற பழைய சுருக்கங்களையும் பாருங்கள். "க/பெ" வந்தாலே பெண், மணமானவர் என்ற இரண்டு செய்தியும் உறைமேல் ஏறிவிடுகிறது. பெற்றோர் பெயர், இணையர் பெயர் என்று எழுதினால் போதும். அஞ்சல் போய்ச் சேர அந்தப் பெயர்களே தேவையில்லை, கதவு எண்ணும் தெருவும் அஞ்சல் குறியீடும் சரியாக இருந்தால் சரி.

கடிதத்தின் நடுவில், அல்லது மேடையில், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால்?

"அவர்" இருக்கிறது, "வந்தார்", "எழுதினார்" இருக்கின்றன. பெயர்ச்சொற்களில்தான் கவனம் வேண்டும். ஆசிரியை, தலைவி, மாணவி, பாடகி என்று தனிப் பெண்பால் வடிவம் உள்ள சொற்களுக்கு ஆசிரியர், தலைவர், மாணவர், பாடகர் என்ற -அர் வடிவமே பொது. எழுத்தாளர், கவிஞர், ஓவியர், செயலாளர் எப்போதும் பொது.

வெளிநாட்டுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதும்போது என்ன செய்வது?

ஆங்கிலத்தில் "டியர்" என்பதற்குப் பின் முழுப் பெயரையும் எழுதுங்கள், அடைமொழி வேண்டாம். ஆங்கிலப் படிவங்களில் இப்போது `Mx` என்ற தேர்வைப் பார்க்கலாம். "மிக்ஸ்" அல்லது "மக்ஸ்" என்று உச்சரிப்பார்கள், பால் சுட்டாத அடைமொழி. 2015-இல் ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது. ஒருவர் தனக்கு அதை எழுதியிருந்தால் அப்படியே விளியுங்கள். பால் தெரியாத எல்லோருக்கும் நாமாக அதை ஒட்டுவது சரியல்ல, பலர் அதைத் தங்கள் பாலினத்தைப் பற்றிய அறிவிப்பாகவே பயன்படுத்துகிறார்கள்.

பிரெஞ்சில் பழகிய வழி "மதாம், முசியே" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது. அலுவல் கடிதத்துக்கு அது சரியானதே. "ஷேர்" என்று தொடங்கி அன்பாக எழுதப் போனால் அந்தச் சொல்லின் எழுத்திலேயே ஆண், பெண் வேறுபாடு வந்து மாட்டிக்கொள்வீர்கள். "போன்ழூர்" என்று தொடங்கிப் பெயரை எழுதினால் தப்பிக்கலாம். மணமாகாத பெண்ணுக்கான "மதமுவாசேல்" வேண்டாம், பிரெஞ்சு அரசே 2012-இல் தன் அலுவல் படிவங்களிலிருந்து அதை எடுக்கச் சொல்லிவிட்டது.

அவர் திருநராக இருக்கலாம் என்று கேள்விப்பட்டோம். பெயருக்கு முன்னால் "திருநங்கை" என்று போட வேண்டுமா?

அவர் கேட்காமல் போடவே வேண்டாம். திருநங்கை, திருநம்பி என்பவை ஒருவர் யார் என்பதைச் சொல்லும் மதிப்பான சொற்கள். ஆனால் உறைமேல் எழுதினால் தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வீட்டு உரிமையாளர் என்று அத்தனை பேருக்கும் அவரைப் பற்றி நாம் சொல்லிவிடுகிறோம். வாடகை வீடு கிடைப்பதே அவர்களில் பலருக்குப் போராட்டமாக இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. எல்லோருக்கும் எழுதுவது போல "அவர்களுக்கு" என்றே எழுதுங்கள். நேரில் பழகும்போது "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒரு முறை தனியாகக் கேட்டு, அவர் சொன்னபடியே எப்போதும் கூப்பிடுங்கள்.

தவறாகப் போட்டு அனுப்பிவிட்டோம், அவர் போன் செய்து சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

"மன்னிச்சுக்குங்க, எங்க தவறுதான். எப்படி எழுதணும்னு சொல்லுங்க, இப்பவே திருத்திடறேன்." அவ்வளவே. "பேரைப் பார்த்தா அப்படித் தோணிச்சு" என்ற விளக்கம் வேண்டாம். அதைக் கேட்டால் அவர் தன் பெயருக்காக மறுபடியும் பதில் சொல்ல வேண்டியதாகிறது, ஆண்டுக்கணக்காக அவர் கேட்டுச் சலித்த பேச்சு அது.

போனை வைத்ததும் மூலப் பட்டியலைத் திறந்து A நெடுவரிசையில் அவர் சொன்னதைப் போடுங்கள். அச்சுக்கு எடுத்த நகலில் மட்டும் திருத்தினால் பொங்கல் வாழ்த்து மறுபடியும் பழைய அடைமொழியோடு போய்ச் சேரும். சான்றிதழ், நினைவுக் கேடயம் போன்று வீட்டில் மாட்டி வைக்கும் பொருளில் தவறு நேர்ந்திருந்தால் புதிதாக அடித்துக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள், பழையதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம்.